மணியில் சுற்றிய துணி

சும்மா உட்காருவதைக்கூட ஒருவர் சொல்லித்தர வேண்டும் என்று போன வருஷம் யாராவது சொல்லியிருந்தால், விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். நான் ஆடு மேய்க்கிறவள். பொழுதன்றைக்கும் காட்டில் சும்மா உட்கார்ந்தே வளர்ந்தவள். இந்த வருஷம் என்னால் ஒரு நிமிஷம் உட்கார முடியாமல் போனது.

எல்லாம் தை மாதத்தில் வந்த வினை. மக்காச்சோளம் அறுத்த காட்டில் ஆடுகளை விட்டுவிட்டு, ஓடைக்கரையில் குடைபோல் நிற்கும் முள்மரம், உடைமரத்தடியில் சாய்ந்தேன். அரை மணி நேரம் தூங்கியிருந்தால் அதிகம். விழித்தபோது மணிச் சத்தம் இல்லை. எங்கள் மந்தையில் மூன்று ஆட்டுக்குத்தான் மணி கட்டியிருப்போம். மூன்றில் ஏதாவது ஒன்று அசைந்துகொண்டே இருக்கும், அந்தச் சத்தம் காதில் விழுந்துகொண்டிருக்கும்வரை நமக்குக் கவலை இல்லை. அன்றைக்கு மூன்றும் ஓய்ந்திருந்தன. எழுந்து ஓடிப் பார்த்தேன். ஓடைக்குள் ஏழு ஆடுகள் கிடந்தன. எல்லாவற்றுக்கும் கழுத்திலும் தொடையிலும் நாய்க்கடி. ஒன்றுக்கு இன்னும் உயிர் இருந்தது. அது என்னையே பார்த்தது.

அன்றிலிருந்து சத்தம் ஓய்ந்தால் எனக்கு ஆகாது. வீட்டில் கரண்டு போய் டிவி நின்றால் போதும், நெஞ்சு படபடவென்று அடிக்கும், கை சில்லிட்டுப் போகும், மூச்சு பாதியிலேயே நிற்கும். செத்துவிடப் போகிறோம் என்றுதான் ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். கோவில்பட்டிக்குக் கூட்டிப் போய் ஈசிஜி எடுத்தார்கள், இரத்தம் பார்த்தார்கள். இதயத்தில் ஒன்றும் இல்லை, இது பயம் என்று சொல்லி, வியாழக்கிழமைகளில் புதூர் ஆஸ்பத்திரிக்கு வரும் மனநல ஆலோசகரிடம் அனுப்பிவிட்டார் டாக்டர்.

காட்டுக்குப் போவது நின்றது. என் வீட்டுக்காரர் சீனி திருப்பூரில் இருக்கிறார். மிச்சமிருந்த பதினெட்டு ஆட்டையும் கட்டிப்போட்டுத் தீனி போட நம்மிடம் என்ன இருக்கிறது? என் மகள் இந்துஜா ஓட்டிப் போனாள். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறவள். பொதுத்தேர்வு மாசியில் ஒரு திங்கட்கிழமை ஆரம்பம். அதற்குள் நான் காட்டுக்குப் போகவில்லை என்றால், பரீட்சையை அடுத்த வருஷம் எழுதிக்கொள்கிறேன் என்று சாதாரணமாகச் சொன்னாள். எங்கள் ஊரில் அடுத்த வருஷம் என்று நிறுத்திய பெண் எவளும் திரும்பப் போனதில்லை. நானே போகவில்லை.

ஆலோசகரின் பெயர் தீபலட்சுமி. சின்னப் பெண், ஆனால் பேச்சில் அவசரம் இல்லை. பயம் ஏறும், உச்சிக்குப் போகும், தானாகவே இறங்கும், அதனால் யாரும் சாவதில்லை என்றாள். தினமும் ஐந்து நிமிஷம் அமைதியாக உட்கார்ந்து பழகச் சொன்னாள். நாற்காலியில் உட்கார்ந்து, பாதம் இரண்டும் தரையில் பட வேண்டும். கண்ணை மூடப் பயமாக இருந்தால் பாதி திறந்து தரையைப் பார்க்கலாம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்காமல் போனில் அலாரம் வைத்துக்கொள்ள வேண்டும். வயிறு ஏறி இறங்குவதைக் கவனிக்க வேண்டும். மூச்சைக் கவனித்தால் பயம் கூடுகிறதென்றால், பாதம் தரையில் படுவதையோ காதில் விழும் சத்தத்தையோ கவனிக்கலாம். ரொம்ப முடியவில்லை என்றால் எழுந்துவிடலாம், குற்றமில்லை.

"மனசு ஓடத்தான் செய்யும்க்கா. ஓடிட்டுன்னு தெரிஞ்சதும் திருப்பிக் கொண்டாந்து விடுங்க. நூறு தடவ ஓடுனா நூறு தடவ. அப்படித் திருப்புததுதான் பயிற்சியே."

கடைசியாக, சத்தமில்லாத இடமாகப் பார்த்து உட்காருங்கள் என்றாள். மற்றதையெல்லாம் அரைகுறையாகக் கேட்ட நான் அதை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொண்டேன்.

முதல் நாள் நாற்பது நொடி. கண்ணை மூடியதும் ஓடை, ஓடைக்குள் அந்த ஆட்டின் கண். மனதை அதட்டினேன். பருத்திக்குள் நுழைந்த ஆட்டை விரட்டுகிற மாதிரி பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடினேன். பின்னால் விரட்டினால் ஆடு இன்னும் உள்ளேதான் ஓடும் என்பது எனக்குத் தெரியாதா? நாற்பது வயதுக் கழுதைக்கு அது அப்போது உறைக்கவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. அவசரப்படாமல் சுற்றிப் போய் முன்னால் நின்றால் ஆடு தானாகத் திரும்பும். மனதையும் அப்படியே செய்து பார்த்தேன். ஓடைக்குப் போய்விட்டது, சரி, வா. இரண்டு நிமிஷம் வந்தது, மூன்று வந்தது. ஐந்து மட்டும் வரவே இல்லை.

காரணம் மணிகள் என்று நினைத்தேன். வீட்டை ஒட்டித்தான் ஆட்டுப்பட்டி. நான் உட்காரும்போது மணி அடிக்கும், நிற்கும். நின்றால் நெஞ்சு தூக்கிப் போடும், எப்போது மறுபடி அடிக்கும் என்றே காது கிடக்கும். பரீட்சைக்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம் இந்துஜா தோழி வீட்டுக்குப் படிக்கப் போயிருந்தாள். பழைய சேலையில் மூன்று துண்டு கிழித்து, மூன்று மணியின் நாக்கிலும் சுற்றிக் கட்டினேன். அப்புறம் போய் உட்கார்ந்தேன்.

அந்த அமைதி என்னைக் கொன்றுவிடும் போலத்தான் இருந்தது. பதினேழு தடவை ஓடைக்குப் போனேன், பதினேழு தடவை திரும்பினேன். அலாரம் அடித்தபோது அழுதேவிட்டேன். ஐந்து நிமிஷம். சீனிக்குப் போன் போட்டுச் சொன்னேன். சாமியாராகிவிடாதே என்று கேலி செய்தார். மகளுக்கு இரண்டு முட்டை சேர்த்துப் பொரித்தேன். துணியை அவிழ்க்க மறந்து போனேன்.

மறுநாள் காலை நான் குழாயடியில் நிற்கும்போதே இந்துஜா ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். ஒன்பது மணி வாக்கில் பட்டியைக் கூட்டப் போனேன். கம்பில் கிழிந்த சேலையின் மிச்சம் தொங்கியது. அதைப் பார்த்ததும் எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை.

அவளுக்குப் போன் போட்டேன். அது வீட்டுக்குள்ளேயே சார்ஜில் கிடந்து அடித்தது. ராத்திரி பன்னிரண்டு மணி வரை படித்த பிள்ளை, மணி அடிக்காததைக்கூடக் கவனித்திருக்க மாட்டாள், மரத்தடி கண்டால் நிச்சயம் கண் அசருவாள். நாய் வந்து ஆடு மிரண்டு ஓடினாலும் அவளை எழுப்ப ஒரு சத்தம் கிடையாது. நானே கட்டிவிட்டேன். அந்த நாய்கள் ஆட்டோடு நிற்குமா, தூங்குகிற பிள்ளையை விட்டுவிடுமா என்று நினைத்ததும் போட்டது போட்டபடி கிளம்பினேன்.

கண்மாய்க் கரை வரை ஓடினேன். அங்கே பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று ஓடைக்கு, மற்றது உளுந்து பிடுங்கிய காட்டுக்கு. ஓடைப் பக்கம் போகக் கூடாது என்று அவளிடம் சொல்லியிருந்தேன். கேட்டிருப்பாளா? கரை இரண்டு பக்கத்தையும் மறைத்துக் கருவேலம் அடர்ந்து கிடந்தது. கூப்பிட வாயைத் திறந்தேன், காற்றுத்தான் வந்தது. நெஞ்சு அடித்த அடியில் காது இரைந்தது, வேறொன்றும் கேட்கவில்லை. அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டேன். எழப் பார்த்தேன், முடியவில்லை. மறுபடியும் எழுந்தேன், மறுபடியும் விழுந்தேன்.

சாகப் போகிறோம், பிள்ளையும் போகப் போகிறது என்றுதான் நினைத்தேன். கை என்னவோ மடியிலிருந்த போனை எடுத்து, பழக்கத்தில் ஐந்து நிமிஷ அலாரத்தைத் தட்டியது. புத்தி சொல்லிச் செய்ததில்லை.

பாதத்தைக் கரிசலில் ஊன்றினேன். வெடிப்பின் விளிம்பு உள்ளங்காலில் குத்தியது. அதைக் கவனித்தேன். மனசு ஓடைக்கு ஓடியது, இந்துஜா கிடக்கிறாள் என்றது. வா. குத்துகிறது, உள்ளங்கால் குத்துகிறது. மறுபடி ஓடியது. பள்ளிக்கூட வாசலில் மற்ற பிள்ளைகள் மட்டும் நிற்கிறார்கள். வா. அந்த ஆட்டின் கண். வா. எத்தனை தடவை என்று எண்ணவில்லை. பயம் போகவும் இல்லை. ஆனால் காதிலிருந்த இரைச்சல் மெல்ல இறங்கியது. இறங்க இறங்க மற்றச் சத்தங்கள் வந்தன. தூரத்தில் ரோட்டில் ஒரு பஸ். காய்ந்த சோளத்தட்டையில் காற்று. எங்கேயோ ஒரு கௌதாரி.

அப்போது கேட்டது. மூக்கால் சீறுகிற ஒரு சத்தம், தும்மல் மாதிரி, ஒரே ஒரு தடவை. எதிரே ஆகாத ஒன்றைக் கண்டால்தான் ஆடு அப்படிச் சீறும். ஓடைப் பக்கமிருந்து வந்தது.

கால் எப்படி எழுந்தது என்று தெரியாது. கருவேல முள் சேலையைக் கிழிக்கக் கிழிக்க ஓடினேன். அதே உடைமரம். புத்தகம் மார்பில் கவிழ்ந்திருக்க இந்துஜா தூங்கிக்கொண்டிருந்தாள். ஆடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. மூன்று நாய்கள் ஓடைக்குள்ளிருந்து ஏறி வந்துகொண்டிருந்தன. குரைக்கவில்லை. ஆடுகள் பின்வாங்கின, கழுத்து மணிகள் ஊமையாக ஆடின.

என் தொண்டையிலிருந்து என்ன சத்தம் வந்தது என்று எனக்கே தெரியாது. கட்டி கட்டியாகக் கரிசல் மண்ணை எடுத்து எறிந்தேன். முதல் நாய் நின்று என்னைப் பார்த்தது. அடுத்த கட்டி அதன் விலாவில் பட்டதும் திரும்பியது. மற்றவையும் பின்னாலேயே ஓடைக்குள் இறங்கிப் போயின. நாய்கள் கண்ணுக்கு மறையும்வரை எறிந்துகொண்டே இருந்தேன்.

எழுந்து உட்கார்ந்திருந்த இந்துஜாவின் முகம் வெளுத்துப் போயிருந்தது. அந்த நேரத்தில் என் மடியில் அலாரம் அடித்தது. ஆடுகள் மிரண்டன. நான் அதை நிறுத்திவிட்டு, ஆடுகளைப் பிடித்து ஒவ்வொரு மணியாகத் துணியை அவிழ்த்தேன். இறுகிய முடிச்சு லேசில் வரவில்லை. அவள் அந்தத் துணியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நாந்தாம்ட்டி கட்டுனேன். சத்தமில்லாம உக்காரணும்னு கட்டுனேன்."

அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். கடைசி முடிச்சை அவளே அவிழ்த்தாள்.

வீட்டுக்குப் போய்ப் படி, ஆட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். திங்கட்கிழமையும் நான்தான் வருவேன், நீ பரீட்சைக்குப் போகிறாய் என்றேன்.

"யம்மா, ஒனக்கு பயமா இல்லையா?"

"பயமாத்தான் இருக்கு. நீ போ."

இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள். கண்மாய்க் கரையில் ஏறி மறைந்ததும் காட்டில் நானும் பதினெட்டு ஆடும்தான். உடைமரத்தில் சாயவில்லை, அவள் விட்டுப்போன கம்பை ஊன்றி வெயிலிலேயே நின்றேன். மணி அடித்தது. பிறகு மூன்று மணியும் ஒரேயடியாக ஓய்ந்தன. நெஞ்சு தூக்கிப் போட்டது. உள்ளங்காலை மண்ணில் அழுத்திக்கொண்டு, ஓடையைப் பார்த்தபடி, நகராமல் நின்றேன். முன்னால் போகும் தலையாடு, உதிர்ந்த உடைமர நெற்றைப் பொறுக்கக் குனிந்தது. மணி அடித்தது.