மூளை அட்டாக்

‘வாதம்’ என்ற சொல்லைக் கேட்டாலே நர்ஸ் உஷாராணிக்குப் பற்றிக்கொண்டு வரும். கிருமாம்பாக்கத்துப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இத்தனை வருஷமாகக் குப்பை கொட்டுகிறவள், பார்க்காததா! திடீரென்று வாய் கோணும், ஒரு பக்கத்துக் கை விழும், பேச்சு குழறும். வீட்டில் யாராவது ஒருத்தர் “வாதம்டா” என்று சொல்லிவிட்டால் போதும், ஆஸ்பத்திரி நினைப்பே எவனுக்கும் வராது. எண்ணெய் தேய்க்கிற ஆளைத் தேடி ஆட்டோ பிடித்துவிடுவார்கள். ஏம்பலத்துக் கரும்பு விவசாயி அரங்கநாதனுக்கு அப்படித்தான் புறா ரத்தம் தேய்த்துப் பார்த்துவிட்டு, எல்லாம் கைமீறிய பிறகு தூக்கிக்கொண்டு வந்தார்கள். மனுஷன் இன்றைக்கும் கட்டிலோடு கிடக்கிறார்.

அதனால் டாக்டர் சரண்யா இந்த நோய்க்கு ஒரு துண்டறிக்கை எழுத உட்கார்ந்தபோது உஷாராணி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டரம்மா முதலில் எழுதியது ‘மூளைக் குருதியோட்டத் தடை’.

“மேடம், இத ஒருத்தன் எழுத்துக்கூட்டிப் படிக்கிறதுக்குள்ள ரத்தக் கட்டியக் கரைக்கிற ஊசி போடுற நேரமே தாண்டிடும்” என்றாள் உஷாராணி.

சரண்யா சிரித்துவிட்டு அதை அடித்தாள். “சரி, பக்கவாதம். எல்லாப் புத்தகத்துலயும் அதான் இருக்கு.”

“ஐயோ, வேணாம் மேடம். அதப் படிச்ச கையோட எண்ணெ வாங்கப் போயிடுவாங்க. மூளையில ரத்தம் கட்டிக்கிச்சின்னு போட்டா இன்னா?”

“எல்லாருக்கும் கட்டாது உஷா. சில பேருக்குக் குழாய் வெடிச்சு ரத்தம் கசியும். ஸ்கேன் எடுக்காம எதுன்னு சொல்ல முடியாது. பாதி உண்மைய அச்சடிக்கக் கூடாது.”

அப்போதுதான் உஷாராணிக்கு அந்தச் சொல் வந்தது. மூளை அட்டாக்! அடைப்பானாலும் வெடிப்பானாலும் பொருந்தும். அட்டாக் என்றால் நம் ஜனம் ஒரு நிமிஷம் நிற்காது, விழுந்தடித்துக்கொண்டு ஓடி வரும்.

“அட்டாக்னா நெஞ்சுன்னு நெனச்சிடப் போறாங்க” என்று சரண்யா இழுத்தாள்.

“அதான் மூளைன்னு கொட்ட எழுத்துல போடுறோமே மேடம்! இந்த ஜனத்த எனக்குத் தெரியாதா?”

டாக்டர் அதற்கு மேல் வாதாடவில்லை. மொத்தமாக அச்சுக்குப் போவதற்கு முன் கொஞ்சம் பிரதி எடுத்து, வருகிறவர்களிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னாள். உஷாராணி சர்க்கரை மாத்திரைக்கு வந்த வரிசையில் நின்று கணீரென்று வாசித்துக் காட்டினாள். வாய் கோணினால், கை தூக்க முடியாவிட்டால், பேச்சு குழறினால் அது மூளை அட்டாக், உடனே 108-ஐக் கூப்பிடு. “புரிஞ்சுதா?” என்று கேட்டாள். “நல்லா புரிஞ்சுதுக்கா” என்று அத்தனை பேரும் தலையாட்டினார்கள். இருந்தும் அவளுக்கு மனசு எதிலும் நிற்கவில்லை. யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையே என்ற உறுத்தல் இருந்துகொண்டே இருந்தது.

அந்த வாரமே ஒரு நாள் மதியம் போன் வந்தது. பூரணாங்குப்பத்து டேனியல். அவன் அப்பா சூசைநாதன் இதய நோயாளி, மாதாமாதம் மாத்திரை வாங்க இவன்தான் வருவான். இந்த மாதம் வந்தபோது ஒரு பிரதியும் வாங்கிப் போயிருந்தான்.

“அக்கா! அம்மாக்கு வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சி. வலது கை தூக்க வரல. நீங்க குடுத்த நோட்டீஸ்ல போட்டிருக்கிற மாதிரியே இருக்குக்கா. மூளை அட்டாக்!”

“108-க்கு அடிச்சியா?”

“அடிச்சிட்டேன், வந்துனே இருக்கு. நீங்க பயப்படாதீங்க. அட்டாக்னு தெரிஞ்ச ஒடனே அப்பா மாத்திரய நாக்குக்கு அடியில வெச்சிட்டேன்.”

நெஞ்சுவலிக்கு வைக்கிற மாத்திரை அது. ரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கிவிடும். ரத்தம் கிடைக்காமல் மூளை தவிக்கிற நேரத்தில் அழுத்தமும் இறங்கினால் போகிற கொஞ்ச ரத்தமும் போகாது.

“எடுடா அத! ஒரு பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வெச்சி வழிச்சு எடு!”

“கரைஞ்சி போச்சிக்கா.” அவன் குரல் இறங்கிவிட்டது. “இன்னாக்கா, அட்டாக்குன்னுதானே போட்டிருந்துச்சி? அப்பாக்கு அட்டாக் வந்தப்ப இததான் வெக்கச் சொன்னீங்க.”

ஆமாம், சொன்னவளும் இவளேதான். நெஞ்சுக்கு ஒரு பாடம், மூளைக்கு ஒரு பாடம் என்று அவனுக்கு யார் பிரித்துக் காட்டினார்கள்? “தண்ணிகூட வாயில விடாத. வண்டி வர்ற வரைக்கும் படுத்தே இருக்கட்டும்” என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

சரண்யாவிடம் ஓடினாள். சரண்யா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, இன்ன மாத்திரை உள்ளே போயிருக்கிறது என்று சொன்னாள். சத்தமாகத் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது உஷாராணிக்கு. மத்தியானச் சோறு இறங்கவில்லை. வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். மீதியிருந்த பிரதிகளையெல்லாம் கிழித்துப் போட்டாள். ஊருக்குள் போனவற்றை எப்படிக் கிழிப்பது?

சாயங்காலம் தகவல் வந்தது. டேனியலின் அம்மா அம்சவள்ளி பிழைத்துக்கொண்டாள். ஸ்கேனில் ரத்தக் கசிவு இல்லை, அடைப்புதான். நேரத்தோடு கொண்டுவந்ததால் கரைக்கிற ஊசி போட முடிந்தது. ஆனால் வரும்போது பிரஷர் ரொம்ப இறங்கியிருந்தது, ஏற்றி நிறுத்தப் பாடுபட்டார்கள்.

அடுத்த நாள் உஷாராணி பஸ் பிடித்துப் போனாள். வார்டு வாசலிலேயே டேனியல் பிடித்துக்கொண்டான். கண் வீங்கியிருந்தது.

“அக்கா, பெரிய டாக்டரு என்னப் புடிச்சி ஏசிட்டாரு. யாருடா மாத்திரை குடுக்கச் சொன்னதுன்னு. கை திரும்ப வருமான்னு கேட்டா, பாப்போம்னு சொல்றாரு. நான் வெச்சதாலதானாக்கா?”

“தெரியலடா. அந்த மாத்திரையாலயா, இல்ல அடைப்பு பெருசாங்கிறத யாராலயும் பிரிச்சி சொல்ல முடியாது.” அவன் தோளைப் பிடித்தாள். “ஆனா நீ நோட்டீஸ நம்பித்தான் செஞ்ச. எண்ணெ தேய்க்கப் போவாம நேரத்தோட இட்டாந்த. தப்பு அந்தப் பேர வெச்ச எம்மேல.”

பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். ராத்திரி டாக்டரும் அவளும் போனிலேயே அடித்துத் திருத்தி எழுதியது. அவனோடு உள்ளே போய், அடையாளங்களுக்குக் கீழே புதிதாக எழுதியதை அம்சவள்ளியின் கட்டிலோரம் நின்று வாசித்தாள்.

“மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் திடீரென்று அடைத்துக்கொள்ளலாம், அல்லது வெடிக்கலாம். பக்கவாதம் என்று சொல்வது இதைத்தான். இது மூளையில் வருவது. எண்ணெய் தேய்த்தால் தீராது. இது மாரடைப்பு அல்ல. மாரடைப்பு மாத்திரை கொடுக்காதீர்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.”

வாசித்து முடித்ததும் “புரிஞ்சுதா” என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். “டேனியலு, நாளைக்கே பக்கத்து வூட்ல யாருக்காவது இப்படி ஆச்சின்னு வெச்சிக்கோ. நீ இன்னா பண்ணுவ, சொல்லு.”

“வண்டியக் கூப்புடுவேன். அப்புறம்…” அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். “வாயில ஒண்ணும் வெக்கமாட்டேன்க்கா. சத்தியமா வெக்கமாட்டேன்.” முகத்தைப் பொத்திக்கொண்டான்.

கட்டிலில் அசைவு தெரிந்தது. கண்ணை மூடிப் படுத்திருந்த அம்சவள்ளி இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். இடது கையால் துழாவி மகனின் மணிக்கட்டைப் பிடித்தாள். கோணிய வாயிலிருந்து சொல் உடைந்து உடைந்து வந்தது.

“புள்ளய… திட்டாதம்மா.”

உஷாராணி தாளை மடித்துவிட்டுக் குனிந்து அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தாள்.

“அவன இல்லம்மா,” என்றாள். “என்னத்தான் திட்டிக்கிறேன்.”