நான்கு வரிசை வாக்கியம்

அந்த யோசனை அவளுடையதுதான். வேறு யார் தலையிலும் அதைக் கட்ட முடியாது.

பருவத் தேர்வில் ஏழாம் வகுப்பு மொத்தமும் வாக்கியத்தைப் பிரிப்பதில் கவிழ்ந்திருந்தது. எழுவாயையும் பயனிலையையும் ஓரளவு பிடித்துவிட்டார்கள். செயப்படுபொருளும் நிரப்பியும்தான் ஒன்றோடொன்று கலந்துபோயின. இலக்கண டீச்சர் ஒருநாள் விளையாட்டாக வகுப்பை நான்கு வரிசையாக உட்கார்த்தினாள். முதல் வரிசை ‘யார்?’ என்று மட்டும் கேட்டு எழுவாயைச் சொல்ல வேண்டும். இரண்டாவது ‘யாரை, எதை?’ என்று கேட்டுச் செயப்படுபொருளை. மூன்றாவது ‘என்னவாக?’ என்று கேட்டு நிரப்பியை. கடைசி வரிசைக்குப் பயனிலை. கரும்பலகையில், ‘மக்கள் மருத்துவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள்’ என்று எழுதினாள். மக்கள், மருத்துவரை, தலைவராக, தேர்ந்தெடுத்தார்கள் என்று நான்கு வரிசையும் மளமளவென்று எழுந்து சொல்லி உட்கார்ந்தன.

மறுநாள் வரிசைகளை மாற்றிவிடுவதாகத்தான் இருந்தாள். அதற்குள் வராந்தாவில் போன தலைமையாசிரியை நின்று பார்த்துவிட்டார். ஆய்வாளர் வரும்வரை இதை அப்படியே வைத்திருக்கச் சொன்னார். அவளுடைய வேலை நிரந்தரமாவது ஆய்வாளரின் ஒரு வரியில் இருந்தது. அதை நினைவுபடுத்தவும் அவர் மறக்கவில்லை.

அந்த ஒரு வரி அவளுக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பது வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். அக்கா வீட்டு முன்னறையில், திரைக்கு இந்தப் பக்கம் அவள் கட்டில். அந்தப் பக்கம் தொலைக்காட்சி. அத்தான் கெட்டவர் இல்லை, வாய்தான் சும்மா இருக்காது. “வாக்கியத்தையெல்லாம் நல்லாப் பிரிக்கிறம்மா. இந்த ரூமை மட்டும் என்னால பிரிச்சுத் தர முடியல” என்பார். அக்கா சிரிக்க மாட்டாள். அந்தச் சிரிக்காமையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

வாரக்கணக்காக வரிசை மாறவே இல்லை. பிள்ளைகள் மின்னல் வேகத்துக்கு வந்துவிட்டார்கள். முதல் வரிசைக்காரர்கள் மைதானத்தில்கூட, “நாங்க எழுவாய்டா, நாங்கதான் முதல்ல” என்று தண்ணீர்க் குழாய்க்கு முந்தினார்கள். அது அவள் காதிலும் விழுந்தது.

ஆய்வாளர் வந்தார். சன்னமான குரல், பொறுமையான மனிதர். ‘தச்சர் பெட்டியை நாற்காலியாக மாற்றினார்’ என்று அவரே கரும்பலகையில் எழுதினார். நான்கு வரிசையும் பிசகில்லாமல் சொல்லின. வாசலில் நின்ற தலைமையாசிரியையின் முகம் மலர்ந்தது. ஆய்வாளர் முதல் வரிசையிலிருந்த ரெட்டைச்சடைப் பெண்ணைக் கைகாட்டினார்.

“நீ முழுசாச் சொல்லும்மா.”

“தச்சர், எழுவாய் சார்.” அவள் உட்கார்ந்துவிட்டாள்.

“சரி. செயப்படுபொருள்?”

அவள் மறுபடி எழுந்து பின்னால் திரும்பிப் பார்த்தாள். “அது எங்க வரிசை இல்ல சார்.”

யாரும் சிரிக்கவில்லை. ஆய்வாளர் டீச்சர் பக்கம் திரும்பினார்.

“தனித்தனியாக் கேட்டா இவங்களுக்குத் தெரியுமில்ல?”

அவர் பொறி வைக்கவில்லை. ‘தெரியாது சார், பத்து நாள் கொடுங்கள்’ என்றால் ஒருவேளை கொடுத்திருக்கக்கூடியவர்தான். அவள் வாசலைப் பார்த்தாள். தலைமையாசிரியை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெரியும் சார். புது ஆளைப் பார்த்ததும் கூச்சம்.”

ஆய்வாளர் தலையசைத்து, எழுதி, கையெழுத்துப் போட்டார். ரெட்டைச்சடைப் பெண் டீச்சரை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பிள்ளைக்குக் கூச்சமே கிடையாது.

நிரந்தர உத்தரவு வந்துவிடும் என்று அன்று மாலையே தலைமையாசிரியை சொன்னார். வீட்டில் அக்கா முதல்முறையாகச் சிரித்தாள். டீச்சர் சாப்பிட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

மறுநாள் முதல் வேலையாக வரிசைகளைக் கலைத்தாள். எழுவாய்ப் பிள்ளைகளை மூன்றாவது வரிசைக்கு அனுப்பி, அதே தச்சர் வாக்கியத்தில் நிரப்பியைக் கேட்டாள். அவர்கள் தச்சரையே சொன்னார்கள். பலமுறை கேட்டும் தச்சர்தான். ஒரு பையன் அழுகிற குரலில், “நாங்க எழுவாய் டீச்சர்” என்றான். பரவாயில்லை, ‘என்னவாக?’ என்று கேட்டுப் பார் என்று அவள் அவனருகே குனிந்தாள். அவன் உதடுகள் அசையத் தொடங்கின.

“எதுக்கு டீச்சர் கலைக்கிறீங்க?”

தலைமையாசிரியை வாசலில் நின்றார். கோபமில்லை, பெருமைதான். ஆய்வாளர் சொல்லி நாலைந்து பள்ளிக்காரர்கள் இந்தப் பாடத்தைப் பார்க்க வருகிறார்களாம். இனி மாதாமாதம் யாராவது வருவார்களாம்.

“பிள்ளைங்களுக்கு முழுசாத் தெரியணும் மேடம்.”

“தெரியும்னு நீங்கதானே அவர்கிட்ட சொன்னீங்க?”

தலைமையாசிரியை போகவில்லை, காத்திருந்தார். பையன் அவளைப் பார்த்தான். அவன் வாயில் அந்தக் கேள்வி பாதியில் நின்றிருந்தது.

“அவங்கவங்க இடத்துக்குப் போங்க” என்றாள்.

பிள்ளைகள் அப்பாடா என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.