முகூர்த்த நாளில் வியர்க்கும் சுவர்

பெரிய காஞ்சிபுரத்தில் பெயின்டர் தாவீதைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவருடைய மீசையைத் தெரியாதவர்கள் கிடையாது. தெருமுனையில் முதலில் மீசை திரும்பும், அப்புறம் ஏணி திரும்பும், கடைசியில்தான் தாவீது திரும்புவார். இருபத்தைந்து வருடமாக எண்ணெய் போட்டு வளர்த்த அந்தச் சொத்தைத்தான் அவர் போன மாதம் ஒரு சுவரின் மேல் பந்தயம் வைத்துவிட்டார்.

சுவர் காந்தாவின் வீட்டுச் சுவர். காந்தா மாடியில் இருக்கிறாள். கீழ்வீட்டில் ஜோதிகா வாடகைக்கு இருக்கிறாள். பட்டுப்புடவைக்கு ஃபால்ஸ் வைப்பது, முந்தானையில் குஞ்சம் முடிவது, நீராவி இஸ்திரி போட்டு மடித்துக் கொடுப்பது அவள் தொழில். ஊரார் வீட்டுக் கல்யாணப் புடவைகள் முப்பது நாற்பது எப்போதும் அவளுடைய சுவர் அலமாரியில் இருக்கும். அந்த அலமாரியின் பின்பக்கம்தான் மழைக்காலம் வந்ததும் ஈரம் கசிய ஆரம்பித்தது. பூஞ்சை வாடை வேறு.

தாவீது மூன்று தடவை வந்து பார்த்தார். மூன்று தடவையும் சுரண்டிப் பூசினார். மூன்றாவது தடவை, உள்ளதிலேயே உசத்தியான வாட்டர்ப்ரூஃப், அதற்கு மேல் கண்ணாடி மாதிரி மின்னும் எனாமல். வேலை முடிந்ததும் அந்தப் பளபளப்பில் தன் மீசையைத் தானே பார்த்து மயங்கித்தான் அந்த வார்த்தையை விட்டிருக்க வேண்டும்.

"இனிமே இந்தச் செவுத்துல ஒரு பொட்டு தண்ணி நின்னுச்சுனா, மீசைய எடுத்துட்டுத்தான் இந்தத் தெருவுல நடப்பேன்."

காந்தா மாடிப்படியிலிருந்தே கேட்டாள். "நான் சாட்சிபா!"

பதினோராம் நாள் ஜோதிகா போன் செய்தாள். "அண்ணா, கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா? நான் யார்கிட்டயும் சொல்லல."

போய்ப் பார்த்தால் எனாமலின் மேல் முத்து முத்தாகத் தண்ணீர். முன்பெல்லாம் சுவர் நமத்துப் போகும், அவ்வளவுதான். இப்போது ஒவ்வொரு முத்தும் பக்கத்து முத்தோடு சேர்ந்து வழிந்து, கீழ்த்தட்டில் இருந்த புடவையின் மடிப்பில் இறங்கிக்கொண்டிருந்தது. அரக்குக் கலர், அகல ஜரிகை. அடுத்த வாரம் கல்யாணம்.

தாவீது மாடிக்கு ஏறினார். மொட்டைமாடி சரியாக இருந்தது. குழாய்? அந்தப் பக்கமே குழாய் கிடையாது. சுவரின் மற்ற இடமெல்லாம் சுக்காகக் காய்ந்திருந்தது. அலமாரியின் முதுகு மட்டும் நனைந்திருந்தது. மேலிருந்தும் வரவில்லை, கீழிருந்தும் ஏறவில்லை என்றால் தண்ணீர் எங்கேயிருந்துதான் வருகிறது? ஏணியில் உட்கார்ந்து மீசையைத் தடவினார். தடவும்போது அது ஏற்கெனவே கொஞ்சம் அந்நியமாகத் தெரிந்தது.

துப்புக் கொடுத்தவள் ஜோதிகாதான். பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரில், சுவர் நனைந்த நாளுக்கெல்லாம் நீல மையில் ஒரு சொட்டு வரைந்து வைத்திருந்தாள். தாவீது அதை உற்றுப் பார்த்தார். முகூர்த்த நாள், சொட்டு. அதற்கு முந்தின நாளும் சொட்டு. அஷ்டமி, நவமி, கரிநாள், மூன்றும் சுத்தமாகக் காய்ந்திருந்தன.

"இன்னாமா இது? உன் செவுரு பஞ்சாங்கம் பார்த்துத்தான் நனையுதா?"

இதைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டார். அரைமணி நேரத்தில் காந்தா மஞ்சள், குங்குமம், கற்பூரத்தோடு இறங்கி வந்துவிட்டாள். அலமாரிக் கதவுக்குப் பொட்டு வைத்தாள். எதிர்வீட்டுப் பெண்கள் இருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"வேர்க்குதுபா அம்மனுக்கு. நல்ல நாளா பார்த்து வேர்க்குது. நீ இன்னா பண்ணுவ, பாவம். பெயின்ட் அடிச்சு அம்மன நிறுத்த முடியுமா? போ, உன் மீசைய நான் மன்னிச்சுட்டேன்."

தாவீது ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனாலும் அந்த நிமிஷத்தில் அம்மனின் மேல் அவருக்கு ஒரு தனி மரியாதை வந்தது. இப்படியே விட்டுவிடலாம். சுவர் வியர்க்கட்டும், மீசை வாழட்டும், ஊருக்கு ஒரு கோயில் கூடினால் யாருக்கு நஷ்டம்? கோயில்களுக்குப் பஞ்சமில்லாத ஊர், இன்னொன்று வந்தால் யார் கண்ணிலும் படாது.

ஜோதிகா அரக்குப் புடவையைக் கட்டிலில் விரித்து ஃபேனுக்குக் கீழே போட்டிருந்தாள். ஈரம் பட்ட ஜரிகையைத் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, அம்மனே வந்துகூட இருக்கட்டும். ஊரான் வூட்டு முகூர்த்தப் புடவ மேலயா வேர்க்கணும்?"

தாவீது ஏணியை எடுத்துக்கொண்டார். வெளியே வந்தார். வாசலில் நின்றபோதுதான் அவருக்கு அது உறைத்தது. மூன்று தடவை பூசியிருக்கிறார், ஒரு தடவையாவது அந்தச் சுவருக்கு இன்னொரு பக்கம் உண்டு என்று யோசித்தாரா?

மறுபக்கம் திருஞானசம்பந்தத்தின் பட்டுக்கடை. மறுநாள் முகூர்த்தம், அதனால் கடை நிரம்பி வழிந்தது. ஒரு கல்யாணப் பெண்ணுக்குப் புடவை எடுக்க வேனில் இருபத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் தாவீதுக்குப் பல் கிட்டியது. உள்ளே மார்கழி. பெண்ணுக்கு ஏழாவது புடவையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் மேல் ஒரு சொட்டு வியர்வை இல்லை. ஜோதிகா வீட்டை ஒட்டிய மூலையில் ஏசி மெக்கானிக் மணிவண்ணன் ஸ்டூலின் மேல் நின்று ஃபில்டரைத் தட்டி மாட்டிக்கொண்டிருந்தான்.

ஏசியின் வாய் நேராகச் சுவரைப் பார்த்து ஊதிக்கொண்டிருந்தது. தாவீது அந்தச் சுவரில் கை வைத்தார். ஐஸ்.

"மணி, இது எப்ப இங்க வந்துச்சு?"

"ஆடித் தள்ளுபடில மாத்தினேன் மச்சி. முதலாளி பதினெட்டுல வெக்கச் சொல்லிட்டாரு. பொண்ணுக்கு வேர்த்துச்சுனா புடவ ஒட்டிக்குமாம், எடுக்க மாட்டாங்களாம். கூட்டம் இல்லாத நாளுல ஆஃப் பண்ணிடுவாங்க. அஷ்டமி நவமில யாரு புடவ எடுக்க வரா?"

தாவீது அவன் கையைப் பிடித்து ஸ்டூலிலிருந்து இறக்கி, ஜோதிகா வீட்டுக்கே இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

மணிவண்ணன் குங்குமம் வைத்த அலமாரியைப் பார்த்தான், செருப்பைக் கழற்றினான், பிறகு பையிலிருந்து ஒரு சின்ன மீட்டரை எடுத்து அறையின் நடுவில் வைத்தான். துப்பாக்கி மாதிரி இன்னொன்றை எடுத்துச் சுவரை நோக்கிச் சுட்டான்.

"அம்மன சுடுறியாடா?" என்று காந்தா பதறினாள்.

"சூடு பாக்குற மிஷின்மா. ரூம் காத்து இருபத்தொம்பது டிகிரி. ஈரப்பதம் எண்பத்தி நாலு. மத்த செவுரு இருபத்தெட்டு. அலமாரி முதுகு மட்டும் இருபத்தி மூணு." அவன் போனில் எதையோ தட்டினான். "இந்தக் காத்துக்கு இன்னிக்கு டியூ பாயின்ட் இருபத்தி ஆறு. பனி நிலைனு சொல்லுவாங்க. அதான் கத முடிஞ்சுது."

"உனக்கு முடிஞ்சுது. எங்களுக்குச் சொல்லு."

"காத்து எப்பவும் தண்ணிய மறைச்சு வெச்சுக்கினுதான் திரியும், கண்ணுக்குத் தெரியாம. சூடா இருந்தா நிறைய தூக்கும். குளிர குளிர அதால தூக்க முடியாது. இப்ப இந்த ரூம்ல இருக்குற காத்து இருபத்தி ஆறு வரைக்கும் குளிர்ந்தா தாங்கும். அதுக்குக் கீழ குளிர்ந்த எதயாவது தொட்டுச்சுனா, மேல தூக்க முடியாம அங்கயே போட்டுட்டுப் போயிடும். ஃப்ரிட்ஜ்லருந்து எடுத்த சொம்பு வெளிப்பக்கம் வேர்க்குதே, சொம்பா ஒழுகுது?"

"அப்ப எங்க செவுரு சொம்பா?" என்றாள் காந்தா.

"உங்க செவுரு முழுக்க இல்லமா. அலமாரிக்காகக் குடைஞ்ச எடத்துல செவுரு பாதி கனம்தான். அந்தப் பக்கத்துக் குளிர் அங்க சுலபமா வந்துடுது. கதவ மூடிப் புடவைய வேற அடைச்சு வெச்சா, இந்தப் பக்கத்துச் சூடும் அதுக்குப் போய்ச் சேராது."

"மழைக்காலத்துல மட்டும் ஏன்?" என்று கேட்டாள் ஜோதிகா.

"அப்பதான் காத்துல சரக்கு ஜாஸ்தி. காத்துல ஈரம் ஏற ஏற பனி நிலையும் ஏறும். கொஞ்சம் குளிர்ச்சியே போதும், தண்ணி வுழுந்துடும். நீ நாள் பூரா நீராவி இஸ்திரி போடுற. அதுவும் அதே காத்துலதான் ஏறுது."

தாவீதின் முகம் மலர்ந்தது. "ஆக, ஒழுகல! என் பூச்சுல குத்தமே இல்ல! காந்தாம்மா, கேட்டுக்கினீங்களா?"

மணிவண்ணன் எனாமலை விரலால் வழித்துப் பார்த்தான். விரல் சொட்டியது.

"மச்சி, இது யாரு அடிச்சது?"

"நான்தான். ஏன்?"

"முன்னாடி சுண்ணாம்புதான இருந்துச்சு? சுண்ணாம்பு கொஞ்சம் தண்ணிய குடிச்சு வெச்சுக்கும். ஏசி ஓடாத நாளுல திருப்பி வுட்டுடும். நீ வாய தெச்சுட்ட. இப்ப குடிக்க முடியாம எல்லாம் புடவ மேல வழியுது. வெளியிலருந்து வர்ற தண்ணின்னா உன் பெயின்ட் தடுக்கும். இது உள்ள இருக்குற காத்துலருந்து வர்ற தண்ணி. பெயின்ட்டுக்கு மேலயேதான் வுழும்."

ஜோதிகாதான், "வுடுங்க மணிண்ணா, அவருக்கு இன்னா தெரியும், எனக்காகத்தான செஞ்சாரு" என்றாள். அவள் திட்டியிருந்தால் தாவீது சமாளித்திருப்பார்.

திருஞானசம்பந்தம் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "என் கடையில குளிர் அடிச்சா அடுத்த வூட்டுல மழ பெய்யுதா? யாருகிட்ட கத வுடுறீங்க?" மணிவண்ணன் அவரைக் கையோடு கூட்டி வந்து அலமாரிக்குள் கை விடச் சொன்னான். நனைந்த கையோடு அவர் திரும்பும்போது கட்டிலில் கிடந்த அரக்குப் புடவை கண்ணில் பட்டது. முந்தானையைப் புரட்டிப் பார்த்தார். அவர் கடையில் எடுத்ததுதான். அதற்கப்புறம் அவர் வாதாடவில்லை.

ஏசியின் வாயை மணிவண்ணன் கூட்டத்தின் பக்கம் திருப்பிவிட்டான், பதினெட்டை இருபத்திநாலாக ஆக்கினான். கடைப்பக்கத்துச் சுவரில் தெர்மாகோல் பலகையை இடைவெளி இல்லாமல் ஒட்டி, மேலே பிளைவுட் அடித்தார்கள். குளிர் அந்தப் பக்கமே நின்றுகொள்ள வேண்டும், சுவருக்குள் ஏறக்கூடாது. அதுதான் கணக்கு.

ஜோதிகா இஸ்திரி மேசையை அலமாரியை விட்டு வாசல் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

மறுநாள் காலையில் யாரோ ஒரு வழவழப்பான ஆள் ஏணியோடு வந்து நின்றார். மாடிப்படியிலிருந்து காந்தா எட்டிப் பார்த்தாள்.

"யாருபா நீ? பெயின்டர் தாவீது வரலயா?"

"நான்தான்மா."

காந்தா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரித்து முடிக்க அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. "அடப்பாவி! செவுரு ஒழுகலனு தெரிஞ்சப்புறமா எடுத்த?"

"ஒழுகலமா. வழிய வெச்சது நான்தான்."

வீட்டில் அவருடைய மனைவி, கல்யாணமான நாளிலிருந்து மீசையை எடுக்கச் சொல்லித் தான் கேட்டும் நடக்காதது ஒரு சுவர் கேட்டதும் நடந்துவிட்டதே என்று இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். அது வேறு விவகாரம்.

தாவீது எனாமலை ஒரு பொட்டு விடாமல் சுரண்டினார். சுண்ணாம்பு அடித்தார். குங்குமம் வைத்த கதவை மட்டும் தொடக்கூடாது என்று காந்தா காவல் நின்றாள். மிஷின் சொன்னது மிஷினுக்கு, அவள் அம்மன் அவளுக்கு.

அடுத்த முகூர்த்தம் வந்தது. பட்டுக்கடையில் இரண்டு வேன் கூட்டம். காலையிலிருந்து மழைத் தூறல், வெளியே துணி எதுவும் காயவில்லை. சாயங்காலம் ஜோதிகா, காந்தா, தாவீது, மணிவண்ணன் நான்கு பேரும் அலமாரியைத் திறந்து நின்றார்கள். மணிவண்ணன் மிஷினை நீட்டினான். காற்றின் பனி நிலை இருபத்தி ஆறு, அலமாரி முதுகு இருபத்தி எட்டு.

அதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. ஜோதிகா ஏற்கெனவே உள்ளங்கையை முழுசாகச் சுண்ணாம்பின் மேல் பதித்திருந்தாள். எடுத்துப் பார்த்தாள். வெள்ளையாக, மாவு மாதிரி, காய்ந்த தூள்.

"அவசரப்பட்டுட்டியேபா, தாவீது" என்று காந்தா உச்சுக் கொட்டினாள்.

தாவீது வெறும் மேலுதட்டைத் தடவிக்கொண்டார். ஜோதிகா கட்டிலில் இருந்த புடவைகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து, சுவரில் படாமல் நாலு விரல் இடம் விட்டு, அலமாரியில் அடுக்க ஆரம்பித்தாள்.