பதினேழு அல்ல, பதின்மூன்று

அரை மணி நேரம் என்று அழைத்த நேர்காணல் ஒன்றேகால் மணி நேரம் நீண்டது. தஞ்சாவூரிலிருந்த அந்த விதை நிறுவனத்தின் படிகளில் இறங்கும்போது மதிவதனிக்கு நாக்கு வறண்டு போயிருந்தது.

கீழ்வேளூரில் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் நான்கு வருடமாகக் கள அலுவலராக இருந்தாள். இப்போது கேட்டிருந்தது விதை உற்பத்திப் பிரிவின் கள மேலாளர் பொறுப்பு. திருவாரூர் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும், உள்ளே பேசியதெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. விதை வயலில் கலவன், அதாவது வேறு ரகப் பயிர், கலந்திருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, புயலுக்குப் பிறகு வேதாரண்யம் பக்கம் உப்பேறிய வயல்களுக்குப் போனதில் ஆரம்பித்து, அம்மா நடவுக்குப் போன காலம் வரை சொல்லிவிட்டாள். கேட்டதற்குப் பதில் சொன்னோமா என்பதே அவளுக்கு நினைவில்லை.

கொரடாச்சேரி தாண்டும்போது இன்னொன்று உறைத்தது. விதை நெல்லில் ஈரப்பதம் பதினேழு சதம் வரை இருக்கலாம் என்று சொல்லியிருந்தாள். அது கொள்முதல் நிலையத்துக் கணக்கு. சான்று விதைக்குப் பதின்மூன்றுதான். நாலு வருடமும் கொள்முதல் நெல்லோடு மல்லுக்கட்டிய வாய், பழக்கத்தில் உளறிவிட்டது.

மறுநாள் காலை அலுவலகத்தில், உடன் வேலை பார்க்கும் செம்மொழியிடம் ஃபோனை நீட்டினாள். அனுப்புவதற்காக எழுதி வைத்திருந்த மின்னஞ்சல். செம்மொழி படிக்கப் படிக்கத் திரையைத் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

"என்னடி இது, முடியவே மாட்டேங்குது? நாலு எடத்துல மன்னிச்சிடுங்கன்னு போட்டிருக்க."

"அவங்க நேரத்தை வீணாக்கிட்டேன்டி."

"நீயா? கேள்வி கேட்டது யாரு?"

மதிவதனி யோசித்தாள். உற்பத்திப் பிரிவுத் தலைவி ஈஸ்வரி, உப்பு வயல் பேச்சு வந்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அப்புறம் அந்த வயல்ல எந்த ரகம் நின்னுச்சு?" என்று கேட்டது நினைவுக்கு வந்தது. மேலும் மேலும் கேட்டது அவர்கள்தான்.

"சரி. ஆனா பதினேழை என்ன பண்றது?"

"அதை விடு. யாரும் கவனிச்சிருக்க மாட்டாங்க. நீயே போய்க் காட்டிக் கொடுப்பியா?"

"வெதைக்காரங்க கவனிக்காம இருப்பாங்களா? கவனிக்கலன்னாலும் தப்பு தப்புதான்டி."

பழையதை அழித்துவிட்டு, அங்கேயே நின்றபடி புதிதாக எழுதினாள்.

"வணக்கம் மேடம். நேற்று குறித்த நேரத்தைத் தாண்டியும் பொறுமையாகக் கேட்டதற்கு நன்றி. உப்பு நிலத்து ரகங்கள் பற்றிப் பேசியது எனக்கு நிறைவாக இருந்தது. கலவன் பற்றிய கேள்விக்கு என் பதில் நேராக அமையவில்லை. சுருக்கமாக: பூக்கும் முன்பும், பூக்கும்போதும், அறுவடைக்கு முன்பும் வயலில் இறங்கி வேறு ரகச் செடிகளை வேரோடு பிடுங்குவேன். அதன் பிறகும் அளவுக்கு மேல் கலவன் இருந்தால் அந்த வயலை விதைக்கு எடுக்க மாட்டேன். அந்த விவசாயியிடம் காரணத்தை நேரில் போய்ச் சொல்வேன். ஒரு திருத்தம்: விதை நெல்லின் ஈரப்பதத்தைப் பதினேழு என்று சொன்னது தவறு. அது கொள்முதல் நெல்லுக்கு. சான்று விதைக்குப் பதின்மூன்றுக்கு மேல் போகக் கூடாது. அன்புடன், மதிவதனி."

"இவ்வளவுதானா?" என்றாள் செம்மொழி.

"இவ்வளவுதான்."

அனுப்பிவிட்டு வயல் பார்க்கக் கிளம்பினாள்.

மூன்றாம் நாள் மதியம் ஈஸ்வரியே அழைத்தார். மதிவதனி மோட்டார் சைக்கிளை வாய்க்கால் கரையோரம் நிறுத்தினாள்.

"மதிவதனி, அந்தப் பதினேழை நான் சிவப்பு மையில வட்டம் போட்டு வச்சிருந்தேன்."

அவள் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"உங்க மெயிலைப் பாத்ததும் பக்கத்துல இருந்தவங்ககிட்டக் காட்டினேன். எங்க வேலையில தப்பு வரும்மா. வெதை மூட்டையில ஏறிட்டா அப்புறம் நூறு வயலுக்குப் போயிடும். அதை முந்திக்கிட்டு வந்து சொல்ற ஆள்தான் வேணும். திங்கக்கிழமை டைரக்டரைப் பாக்க வாங்க. இந்தத் தடவையும் நேரம் ஆகும். உப்பு வயல் கதையை அவரும் கேக்கணுமாம்."

"வரேன் மேடம்," என்பதோடு முடித்துக்கொண்டாள். ஒன்றேகால் மணி நேரம் பேசிய பெண் இவள்தானா என்று ஈஸ்வரி நினைத்திருக்கக்கூடும்.

டைரக்டரைப் பார்த்துவந்த அடுத்த வாரமே நியமன உத்தரவு வந்தது. அம்மா அம்சம் அதை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தாள். எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். மகளின் பெயரை மட்டும் தேடிக் கண்டுபிடித்து விரலை வைத்தாள்.

"நான் நடவுக்குப் போனதையும் அங்க சொன்னியாமே? செம்மொழி சொன்னா."

"சொன்னேன்ம்மா. ரொம்ப நேரம் சொன்னேன்."

அம்சம் உத்தரவைப் பத்திரமாக மடித்து வைத்தாள். சாயங்காலம் குழாயடியில், மகளுக்கு விதைக் கம்பெனியில் வேலை கிடைத்ததாமே என்று பக்கத்து வீட்டுத் தங்கம்மாள் கேட்டபோது குடத்தைக் கீழே வைத்து நிமிர்ந்தாள்.

"வேலை மட்டுமில்ல தங்கம்மா. மேனேஜரு. எந்த வயல்ல வெளஞ்சது வெதையாகலாம், எது ஆகக் கூடாதுன்னு இனிமே எம்மவதான் சொல்லுவா."