கட்டத்தில் இல்லாத வேலை

"ஆஜராவதுன்னு இதுல ஒரு கட்டமே இல்லையேம்மா?"

வணிகவரி அதிகாரி படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விற்பனை விவரம் தாக்கல், ரிட்டர்ன், பணம் கட்டுவது, ரீஃபண்ட் என்று வரிசையாகக் கட்டங்கள். எல்லாவற்றிலும் டிக். கீழே, இதையெல்லாம் செய்ய மதிவதனிக்கு அதிகாரம் கொடுத்து ஜெக்கரியாவின் கையெழுத்து.

"அந்தக் கட்டங்கள் போர்ட்டல்ல செய்யிற வேலைக்கு சார்," என்றாள் மதிவதனி. "ஆஜராக 84-ம் விதி இருக்கு. ஜிஎஸ்டி பிராக்டிஷனரா பதிவு பண்ணியிருக்கணும், கேட்டா இந்தப் படிவத்தோட நகலைக் காட்டணும். என் பதிவுச் சான்றும் பின்னாடியே இருக்கு."

அதிகாரி விதியை எடுத்துப் படித்தார். படித்துவிட்டு, "சரி, சொல்லுங்க," என்றார்.

விஷயம் சின்னதுதான். குடவாசலில் ஜெக்கரியாவின் மோட்டார் பம்பு கடை போன வருஷம் அதே தெருவில் நாலு கதவு தள்ளி இடம் மாறியது. பதிவில் பழைய கதவு எண். சோதிக்க வந்தவர் பழைய இடத்தில் பிரியாணிக் கடையைப் பார்த்துவிட்டுப் போனார். பதிவை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று நோட்டீஸ். மதிவதனி புது வாடகை ஒப்பந்தம், மின் ரசீது, முகவரி திருத்த மனு மூன்றையும் அடுக்கினாள்.

"நாங்க ஒண்ணும் ஓடிப் போகலைங்க, உங்க ஆளுதான் சரியா தேடலை," என்று ஜெக்கரியா இடையில் எகிறினார்.

"பாய், சும்மா இருங்க."

இருபது நிமிஷத்தில் முடிந்தது. நடவடிக்கையைக் கைவிடுவதாக உத்தரவு போட்டுவிடுவதாகச் சொன்னார் அதிகாரி.

வெளியே டீக்கடையில் ஜெக்கரியா ஒரு மடித்த தாளை நீட்டினார். "இதையும் இதே மாதிரி அடிச்சு விட்டுருங்க மேடம்."

வருமான வரி நோட்டீஸ். வங்கியில் ரொக்கமாகக் கட்டியதற்குக் கணக்கு கேட்டு முதலில் வந்ததற்கு ஜெக்கரியாவே ஏதோ பதில் போட்டிருந்தார். அது எடுபடவில்லை. மொத்தத்தையும் விளக்கமில்லாத பணமாகச் சேர்க்கப் போகிறோம், ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள் என்றது இந்தத் தாள். சேர்த்தால் அதில் முக்கால்வாசி வரியாகவே போகும். கடையை விற்றால்தான் கட்ட முடியும்.

"வீடியோவுல பேசணும்னு நானே கேட்டு வச்சிருக்கேன். வர்ற வியாழக்கிழமை, பதினொன்றரை. நீங்கதான் பேசணும்."

"என்னால முடியாது பாய்."

"இப்பதானே உள்ள பேசினீங்க?"

"அது ஜிஎஸ்டி. இது வேற சட்டம்."

"உங்ககிட்ட அதுக்கும் ஒரு சான்றிதழ் இருக்கே! ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கீங்க. ஆபீஸ் ஆபீஸா இருக்கறதே அதனாலதான்."

பதினைந்து வருஷம் முன்பு துறையே பயிற்சி கொடுத்துப் பரீட்சை வைத்து அவளுக்குத் தந்த சான்றிதழ். டாக்ஸ் ரிட்டர்ன் பிரிப்பேரர். அதில் சிங்கமுத்திரை உண்டு, அவளுக்கென்று ஓர் எண் உண்டு. தனி ஆளுக்கும் கூட்டுக் குடும்பத்துக்கும் ரிட்டர்ன் தயாரிக்கலாம், அதுவும் தணிக்கை தேவைப்படாத கணக்காக இருந்தால். தயாரித்ததில் கையெழுத்துப் போட வேண்டும். அதோடு சரி. விசாரணை என்று வந்துவிட்டால் அந்தச் சான்றிதழுக்கு வாய் கிடையாது. பி.காம். படித்திருந்தாலாவது வருமான வரிப் பிராக்டிஷனராகப் பதிய வேறு வழி இருந்தது. அவள் படித்தது தபாலில் பி.பி.ஏ. ஜிஎஸ்டிக்கு அந்தப் பட்டம் போதும், இங்கே போதாது.

"தஞ்சாவூர்ல ஆடிட்டர் அச்சுதன் சார்கிட்ட போங்க," என்றாள்.

"போனேன். ஜிஎஸ்டியும் சேர்த்து மொத்தமா கொண்டு வந்தா பார்க்கலாங்கிறார். உங்களை விட்டுட்டா?"

அவளுக்குச் சுருக்கென்றது. பாய் போனால் அந்தத் தெருவே பின்னால் போகும்.

"வேற யாருதான் பேசலாம்?"

"வக்கீல், ஆடிட்டர். இல்லைன்னா உங்க சொந்தக்காரங்க. எந்த வகையில சொந்தமா இருந்தாலும் சரி, எழுத்துல அதிகாரம் கொடுத்தா போதும். உங்ககிட்ட நிரந்தரமா சம்பளத்துக்கு இருக்கறவங்களும் பேசலாம்."

ஜெக்கரியா டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அதாவது அரசாங்கம் பரீட்சை வச்சுத் தேறின நீங்க பேசக் கூடாது. எட்டாவது ஃபெயிலான என் மச்சான் பேசலாம்."

"பேசலாம்."

"அப்ப நீங்க என் தங்கச்சி. முடிஞ்சுது."

"எந்த ஊர்ல?"

"சரி, சம்பளம். போன ஏப்ரல்ல இருந்து என் கடையில வேலைன்னு ஒரு லெட்டர் அடிச்சுக்குவோம்."

"பழைய தேதி போட்டு நான் எதுலயும் கையெழுத்துப் போடமாட்டேன் பாய். இருக்கற ரெண்டு சான்றிதழும் போயிரும். நீங்களே பேசலாமே?"

பேசினால் என்னவாகும் என்று இருவருமே சற்று முன் பார்த்திருந்தார்கள்.

"உங்க வீட்டம்மா கமருன்னிஸா என்ன படிச்சிருக்காங்க?"

"பி.ஏ. இங்கிலீஷ். ஏன்?"

கடையில் கல்லாவில் உட்காருவது கமருன்னிஸாதான். எந்த விவசாயி எந்த மோட்டாரை எந்தத் தேதியில் கடனுக்கு எடுத்தார், பாக்கியை எப்போது கட்டினார் என்பது அவள் நோட்டில்தான் இருந்தது. மதிவதனி மூன்று நாள் அந்த நோட்டோடு உட்கார்ந்தாள். அறுப்பு முடிந்து கொள்முதல் நிலையத்துப் பணம் விவசாயி கணக்கில் ஏறிய வாரங்களும் கடை ரொக்கம் கட்டிய வாரங்களும் ஒத்துப் போயின. நாற்பது பக்கம் தயாரித்து, பக்க எண் போட்டு, கமருன்னிஸாவுக்கு அதிகாரம் தரும் கடிதத்தோடு ஜெக்கரியாவின் லாகினில் ஏற்றினார்கள்.

வியாழக்கிழமை ஜெக்கரியாவைக் கடைக்குத் துரத்திவிட்டு, வீட்டில் லேப்டாப் முன் கமருன்னிஸா உட்கார்ந்தாள். மதிவதனி எதிர்ச் சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில். திரையில் முகம் இல்லை, குரல் மட்டும். இந்தியாவின் எந்த ஊரிலிருந்தோ ஒரு ஆங்கிலக் குரல்.

"உங்களைத் தவிர அறையில் யாராவது இருக்கிறார்களா?"

கமருன்னிஸா மதிவதனியைப் பார்த்தாள். மதிவதனி எழுந்து கேமராவுக்குள் வந்தாள்.

"நான் ரிட்டர்ன் தயாரித்தவள் சார். ஆஜராக எனக்கு அதிகாரம் இல்லை. வெளியே போய்விடுகிறேன்."

"இருக்கலாம். பேச வேண்டாம்."

கொள்முதல் வாரங்களைப் பற்றிக் கமருன்னிஸா தடங்கலில்லாமல் சொன்னாள். குரல் நடுநடுவே கேட்டது, அவள் பக்க எண்ணைச் சொன்னாள். பிறகு குரல் கேட்டது: "ஜூலையில் அறுப்பு இல்லையே. அந்த நாலு லட்சம்?"

கமருன்னிஸாவின் விரல் நோட்டில் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. அது நோட்டில் இருக்காது. ஏற்றிய தாள்களில் பதினாலாம் பக்கத்தில் இருக்கிறது. மதிவதனிக்கு அது தெரியும். நாக்கு நுனியில் நின்றது. விரலால் ஒன்று, நாலு என்று காட்டினாலே போதும். அவள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"பதில் இல்லையென்றால் அப்படியே பதிவு செய்துகொள்கிறேன்."

"ஒரு நிமிஷம் சார்." கமருன்னிஸா நோட்டை மூடினாள். "அது கடைப் பணமே இல்லை. மே மாதம் மனை வாங்க எங்கள் கணக்கிலிருந்து எடுத்தோம். விற்கிறவருடைய அண்ணன் தம்பிக்குள் தகராறு. கிரயம் நடக்கவில்லை. எடுத்ததைத் திரும்பக் கட்டினோம். பணம் எடுத்த வங்கிச் சீட்டு இருக்கிறது..." தாள்களைப் புரட்டினாள். "பதினாலாம் பக்கம்."

குரல் "பார்த்தேன்," என்றது.

ஐந்து வாரம் கழித்து உத்தரவு வந்தது. நோட்டில் பெயரில்லாமல் எழுதியிருந்த மூன்று வரவுகளை மட்டும் சேர்த்திருந்தார்கள். வலிக்கும், ஆனால் கடை நிற்கும். ஆபீஸ் மாடிப்படி ஏறி வந்து அதை மேசையில் வைத்தது கமருன்னிஸாதான்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். ஜிஎஸ்டியிலயும் சொந்தக்காரங்க ஆஜராகலாமா?"

மதிவதனி சுவரில் மாட்டியிருந்த இரண்டு ஃபிரேம்களையும் ஒரு தடவை பார்த்தாள். ஜிஎஸ்டியில் ஆஜராவதற்குத்தான் அவள் தனியாகக் காசு வாங்குவது. தெரியாது என்று சொல்லலாம். இவள் போய்ச் சட்டத்தைத் தேடிப் படிக்கப் போவதில்லை. படித்தாலும் படிப்பாள்.

"ஆகலாம்," என்றாள். "116-வது பிரிவு. எழுதிக்க."

கமருன்னிஸா எழுதிக்கொண்டாள். பிறகு பையிலிருந்து இந்த மாதத்துப் பில் கட்டை எடுத்து வைத்தாள். "ரிட்டர்ன் இருபதாம் தேதிக்குள்ள போட்டுருங்கக்கா."