ஒரு சுழி குறைந்த பெட்டி

பத்து வருஷம் மூட்டை தூக்கிய முதுகு ராசையாவுடையது. அது ஒரு நாள் இனி நிமிரவே மாட்டேன் என்று அடம்பிடித்த நேரத்தில், ஆர்பரில், கப்பல் சரக்குக் கிடங்கில், பெட்டிகளுக்கு எடை எழுதுகிற வேலை காலியானது. அஞ்சாவது படித்திருக்க வேண்டுமாம். ராசையா ரெண்டாவதோடு நின்றவர். ஆனாலும் அஞ்சாவது பாஸ் என்று கண் இமைக்காமல் சொல்லிவிட்டார். வேறு என்ன செய்வார் பாவம், திரும்பவும் மூட்டைக்குப் போனால் ஆறு மாதம்கூடத் தாங்க மாட்டார்.

வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. தராசு குமாஸ்தா வால்டர் எடையைச் சத்தமாகச் சொல்வார். ராசையா கறுப்புச் சாயத்தில் பிரஷ்ஷைத் தோய்த்துப் பெட்டியின்மேல் எழுதுவார். கப்பலடியில் நிற்கிறவர்கள் அந்த எண்ணைப் பார்த்துத்தான் பெட்டியைக் கட்டுவார்கள். ஆயிரம் கிலோவுக்குள் என்றால் கயிறு, அதற்கு மேல் கம்பி வடம். மூவாயிரத்து இருநூற்று நாற்பத்தாறு என்றால் ராசையாவுக்குக் கஷ்டமில்லை. காதில் விழுந்த வரிசையில் 3, 2, 4, 6. நடுவில் ஏதாவது விட்டுப்போனால் சுழி போடணும் என்பதும் தெரியும். எத்தனை சுழி என்றுதான் அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை.

அன்று காலை முதலில் வந்தது ஒரு இரும்புச் சாமான் பெட்டி. பார்க்க இத்தனூண்டுதான்.

"நாலாயிரத்தி அஞ்சு" என்றார் வால்டர்.

நாலு, நடுவில் சுழி, அஞ்சு. 405 என்று எழுதினார் ராசையா. டிராக்டர் வந்து பெட்டியைக் கப்பலடிக்கு இழுத்துப் போனது.

நாலைந்து பெட்டி கழித்து ஆள் உயரத்துக்கு ஒரு துணிப்பெட்டி வந்தது.

"நானூத்தி அஞ்சு" என்றார் வால்டர்.

நாலு, நடுவில் சுழி, அஞ்சு. எழுதி முடித்த ராசையாவின் கை அப்படியே நின்றது.

"இன்னா மாமு, நின்னுட்ட?"

"நானூத்தி அஞ்சா சொன்ன?"

"ஆமா. அதான எய்திகிற?"

அதுதான் எழுதியிருந்தது. அப்படியானால் காலையில் எழுதியது எது? இரண்டு எடைக்கும் ஒரே எண் எப்படி வரும்? நானூறு என்றால் நாலு நூறின் இடத்தில் நிற்கிறது. பத்தின் இடம் மட்டும் காலி, அதற்கு ஒரு சுழி. நாலாயிரம் என்றால் நாலு இன்னும் ஒரு இடம் இடப்பக்கம் தள்ளி நிற்கணும். அங்கே நூறும் இல்லை, பத்தும் இல்லை. இரண்டு இடத்துக்கும் இரண்டு சுழி போட்டிருந்தால்தான் நாலு அங்கே நிற்கும். ஒன்றை விட்டதும் நாலு நூறின் இடத்துக்கு இறங்கிவிட்டது. நாலாயிரம் கிலோவைக் கயிற்றில் கட்டச் சொல்லி அனுப்பிவிட்டோமே!

பிரஷ்ஷோடு ஓடினார். அந்த முதுகு எப்படி ஓடியதோ, கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

கப்பலடியில் கயிறு விறைத்து, பெட்டியின் ஒரு பக்கம் தரையை விட்டு எழும்பியிருந்தது. அடியில் மாட்டிய பலகையை உருவக் கையை உள்ளே நுழைத்துக்கொண்டிருந்தான் ஜஹாங்கீர், பத்து வருஷமும் அவரோடு மூட்டை தூக்கிவிட்டு இப்போது கப்பலடிக்கு மாறியிருந்த தோஸ்து.

"ஜஹாங்கீர், கைய எட்றா!"

அவன் கையை இழுத்தான். கயிறு பட்டென்று அறுந்தது. பலகை மாவாகிப் போயிற்று.

மேஸ்திரி பரசுராமன் பெட்டியைக் குனிந்து பார்த்தார். "எய்துனது நீதான? வால்டர் இன்னா சொன்னாரு?"

வால்டர் தப்பாகச் சொன்னார் என்று ஒரு வார்த்தை போதும். காலையில் தராசுப் பக்கம் மூன்றாவது ஆள் இல்லை. ராசையா அந்த வார்த்தையை நினைத்தும் பார்த்தார், பொய் சொல்வானேன். ஜஹாங்கீர் தன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வால்டர் சரியாத்தான் சொன்னாரு. நாலாயிரத்தி அஞ்சு. எனக்குத்தான் சுழி தெர்ல. நான் ரெண்டாவதுதான் பட்ச்சிகிறேன்."

பரசுராமன் பெருமூச்சு விட்டார். "அத்த சரியா எய்திட்டு, பிரஷ்ஷ வச்சிட்டுப் போ."

ராசையா 405ஐ அடித்துவிட்டுப் பக்கத்தில் நாலு போட்டார். நூறுக்கு ஒரு சுழி, பத்துக்கு ஒரு சுழி, கடைசியில் அஞ்சு. நிதானமாக எழுதினார். இவ்வளவு அழகாக அவர் அதுவரை எழுதியதில்லை. ஜஹாங்கீர் கம்பி வடம் எடுத்து வரப் போனான்.

மறுநாள் காலை ராசையா மூட்டை வரிசையில் நின்றார். முதல் மூட்டைக்குக் குனிந்தபோது முதுகு சுரீர் என்றது. அதற்குள் மூட்டையின் மறுமுனையை ஒரு கை பிடித்துக்கொண்டது. ஐந்து விரலும் இருந்தன. ஜஹாங்கீர் அன்று கப்பலடிக்குப் போகவில்லை.