பன்னிரண்டு மணிக்குப் போகவேண்டிய ரீல்

அக்காவும் அவள் கணவரும் குழந்தைகளுக்கான மரக்கட்டில் செய்து விற்கிறார்கள். அறுப்பதும் இழைப்பதும் அவர். கணக்கு, வாடிக்கையாளர், பேச்சுவார்த்தை எல்லாம் அக்கா. தங்கை சின்னவளுக்கு வேறு வேலை. சின்னச் சின்னக் கடைகளுக்கு இன்ஸ்டா, ஃபேஸ்புக், வாட்ஸ்அப் பக்கங்களைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் பிழைப்பு. அக்காவின் கட்டில் பட்டறையும் அதில் ஒன்று. சொந்தம் என்று பார்த்து ஒழுங்கை அவள் தளர்த்தியதில்லை.

மாதத்துக்கு ஒரு அட்டவணை போடுவாள். ஒவ்வொரு வரிக்கும் தேதி, என்ன வகைப் போஸ்ட், கேப்ஷன் எந்த நிலையில் இருக்கிறது, எந்த சேனலில் போகிறது என்று நான்கு கட்டங்கள். கேப்ஷன் நிலையில் முதலில் ‘வரைவு’ என்று இருக்கும். அக்கா படித்துப் பார்த்து ‘சம்மதம்’ என்று மாற்றுவாள். அதன் பிறகுதான் சின்னவள் வேறொரு ஆப்பில் அதற்கு நேரம் குறித்து வைத்து, கட்டத்தில் ‘ஷெட்யூல்’ என்று எழுதுவாள். அக்கா தொடாத எதையும் அவள் வெளியே விட்டதில்லை. அது அவர்களுக்குள் இருந்த ஒப்பந்தம்.

அன்று காலை சின்னவள் ஒரு கேக் கடையில் இருந்தாள். கண்ணாடி அலமாரிக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. பட்டறை அட்டவணையில் யாரோ எழுதியிருந்தார்கள். திறந்து பார்த்தாள். அன்றைய தேதிக்கான வரிகளில் ‘ஷெட்யூல்’ என்று இருந்ததெல்லாம் ‘நிறுத்தம்’ என்று மாறியிருந்தது. கட்டங்களுக்குச் சிவப்பு வேறு அடித்திருந்தாள் அக்கா.

அக்கா சிவப்பு அடித்து ஒரு நாளும் சின்னவள் பார்த்ததில்லை. உடனே போன் செய்தாள். மணி அடித்து அடித்து நின்றது. பட்டறைக்கு அடித்தாள். அக்காவின் கணவர்தான் எடுத்தார். பின்னால் இயந்திர இரைச்சல் இல்லை.

அவர் மெதுவாகத்தான் சொன்னார். போன மாதம் கட்டில் வாங்கிய ஒரு வீட்டிலிருந்து காலையில் அழைப்பு. பக்கத் தடுப்பை மேலே தூக்கி மாட்டும் கொக்கி விட்டுப்போய், தடுப்பு சடாரென்று இறங்கியிருக்கிறது. பிடித்துக்கொண்டு நின்ற குழந்தை தலைகுப்புற விழுந்து, மணிக்கட்டில் எலும்பு விரிசல். அக்கா ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறாள். அவர் கடை வாசலில் வைத்திருந்த கட்டிலின் கொக்கியை இழுத்துப் பார்த்திருக்கிறார். சில தடவை தாங்கியது, பிறகு கையோடு வந்துவிட்டது. போன மாதம்தான் புதிதாக வாங்கிய கொக்கிகள் அவை.

“உங்க அக்கா போகும்போதே உன் அட்டவணையில நிறுத்தம்னு போட்டுட்டா. அதனால அதைப் பத்திக் கவலைப்படாதே” என்றார்.

பன்னிரண்டு மணிக்கு இன்ஸ்டாவில் போகவேண்டிய ரீல் சின்னவளின் கண் முன்னால் ஓடியது. ஒரு குழந்தை தடுப்பைப் பிடித்துக்கொண்டு குதிகுதியென்று குதிக்கும். கீழே கேப்ஷன்: ‘எவ்வளவு குதித்தாலும் அசையாது.’ அதையே ஃபேஸ்புக்குக்கு அரைமணி முன்னதாக வைத்திருந்தாள். அங்கே பார்ப்பவர்கள் சாப்பாட்டுக்கு முன்னால்தான் அதிகம்.

“மாமா, அட்டவணையில எழுதினா எதுவும் நிக்காது. அது நமக்கு நாமே எழுதிக்கிற குறிப்பு. ஷெட்யூல் வேற ஆப்புல இருக்கு. அங்க போய் எடுக்கலைன்னா அது பாட்டுக்குப் போயிடும்.”

போனை வைத்தாள்.

கேக் கடைக்காரர் என்னம்மா ஆச்சு என்று கேட்டார். ஒரு அவசரம் என்று மட்டும் சொல்லிவிட்டு, மாவு மூட்டைகள் அடுக்கிய பின்னறைக்குப் போனாள். லேப்டாப் வீட்டில் இருந்தது. போனில் ஆப்பைத் திறந்தாள். யாரோ கணக்குக்குள் நுழையப் பார்த்தார்கள் என்று அக்கா போன வாரம்தான் பாஸ்வேர்டை மாற்றியிருந்தாள். அக்கா சொல்லியிருந்த புதியதைப் போட்டதும், பதிவான எண்ணுக்கு ஒரு குறியீடு அனுப்பியிருப்பதாகத் திரை சொன்னது. பதிவான எண் அக்காவுடையது.

திரும்பத் திரும்ப அழைத்தாள். அக்கா போனைச் சத்தமில்லாமல் போட்டுப் பைக்குள் வைத்திருக்க வேண்டும். மெசேஜ் போட்டாள், பார்த்ததாகக் காட்டவில்லை. ஃபேஸ்புக் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

மறுபடியும் பட்டறைக்கு அடித்து, காலையில் போன் பண்ணிய அந்த அம்மாவின் எண்ணைக் கேட்டாள். அக்கா அவர் பக்கத்தில்தானே இருப்பாள்.

“பிள்ளைக்குக் கட்டுப் போட்டுட்டு இருப்பாங்க. அந்த நேரத்துல அந்த அம்மாகிட்டயா கேப்ப?”

“நீங்க கேக்க வேணாம். நம்பரை மட்டும் கொடுங்க.”

கொடுத்தார். சின்னவள் உடனே அடித்தாள். அந்த அம்மா முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். பின்னால் குழந்தை விட்டு விட்டு அழுதுகொண்டிருந்தது. கட்டில் கடைக்காரியின் தங்கை பேசுகிறேன் என்று சின்னவள் சொன்னாள். மன்னிச்சிடுங்க, அக்காகிட்ட ஒரு நிமிஷம் பேசணும் என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. போன் கை மாறும் சத்தம் மட்டும் கேட்டது.

“என்னடீ” என்றாள் அக்கா, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல.

விஷயத்தை இரண்டே வாக்கியத்தில் சொன்னாள். அக்கா பையைத் துழாவித் தன் போனை எடுத்துக் குறியீட்டைப் படித்தாள். அதற்குள் அது காலாவதியாகிவிட்டது. இன்னொன்று வரவழைத்து, அதையும் ஒவ்வொரு எண்ணாகப் படித்தாள். சின்னவளின் விரல் ஒரு எண்ணை மாற்றித் தட்டிவிட்டது. அழித்துவிட்டுத் திரும்பப் போட்டாள். உள்ளே போனது.

இன்ஸ்டா ரீல் வரிசையில் காத்துக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டாள். அடுத்து வரவேண்டிய எல்லாவற்றையும் எடுத்தாள். ஃபேஸ்புக்கில் வீடியோ கொஞ்ச நேரம் முன்பே வெளியாகியிருந்தது. கீழே ஒரே ஒரு கருத்து. சின்ன மணிக்கட்டில் வெள்ளைக் கட்டு, அதன் படம். ‘இந்தக் கட்டில்லதான் என் பையன் இன்னைக்குக் காலையில விழுந்தான்.’ எழுதியது குழந்தையின் அப்பா. ஆஸ்பத்திரிக் கூடத்தில் போனைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

வீடியோவை அழித்தாள். வீடியோவோடு அந்தக் கருத்தும் போனது. போன பிறகுதான் உறைத்தது: அந்த மனிதருக்கு இது எப்படித் தோன்றும்?

எப்படித் தோன்றியது என்பதை அக்கா மத்தியானம் பட்டறைக்கு வந்து, முன்பே அங்கே போய்க் காத்திருந்த சின்னவளிடம் சொன்னாள். குழந்தையின் அப்பா அவள் முகத்துக்கு நேரே போனை நீட்டி, ‘நான் போட்டதை அழிக்கிற வேகத்துல அந்தக் கொக்கியைப் பார்த்திருக்கலாமே’ என்றாராம். அக்கா அதைச் சொல்லிவிட்டு மரத்தூள் படிந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். புடவையெல்லாம் மருந்து வாசனை.

சின்னவள் அட்டவணையைத் திறந்து அன்றைய தேதியிலேயே புதிதாக ஒரு வரி சேர்த்தாள். போஸ்ட் வகை: எச்சரிக்கை. சேனல்: எல்லாம். கேப்ஷனை அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். போன மாதத்திலிருந்து வாங்கிய கட்டில்களில் பக்கக் கொக்கி பழுதானது. ஒரு குழந்தைக்கு அடிபட்டிருக்கிறது. உடனே குழந்தையை வேறு இடத்தில் படுக்க வையுங்கள். வீட்டுக்கே வந்து மாற்றித் தருகிறோம். நிலை: வரைவு.

அக்காவின் கணவர் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். ‘ஒரு குழந்தைக்கு அடிபட்டிருக்கிறது’ என்ற வரியை எடுக்கச் சொன்னார். ‘சில கட்டில்களில் சிறு குறை’ என்று போடலாம், பயந்து போய்விடுவார்கள், இத்தனை வருஷப் பேர் ஒரே நாளில் மண்ணாகிவிடும் என்றார். அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் இல்லை. அந்தப் பட்டறையில் இருந்த ஒவ்வொரு சட்டமும் அவர் கையால் இழைத்தது.

“சிறு குறைன்னா யாரு மாமா இன்னைக்கே பிள்ளையைத் தூக்குவா? நாளைக்குப் பார்த்துக்கலாம்னுதான் இருப்பாங்க.”

“நீ போஸ்ட் போடுறவ. போட்டுட்டுப் போயிடுவ. கடையைத் திறந்து உட்காரப்போறது நாங்க.”

அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும், அவர் சொல்லும் கேப்ஷனைத் தன் கையால் போட முடியாது, வேண்டுமென்றால் பாஸ்வேர்டை வைத்து அவரே போட்டுக்கொள்ளட்டும், இந்த மாதத்தோடு தானும் நின்றுகொள்வதாகச் சொன்னாள். தன் கேப்ஷனையும் அவள் வெளியே விடவில்லை. விட்டிருக்கலாம், பொத்தான் அவள் விரலுக்கடியில்தான் இருந்தது. கட்டத்தில் ‘வரைவு’ என்று இருக்கும்வரை விடக் கூடாது என்று உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு நிமிஷமும் எங்கோ ஒரு வீட்டில் ஒரு குழந்தை தடுப்பைப் பிடித்து எழுந்து நிற்பதாகவே அவளுக்குத் தோன்றியது.

அக்கா இருவரையும் பார்க்கவில்லை. தன் போனில் அட்டவணையைத் திறந்து கேப்ஷனை உதடு அசையப் படித்தாள். ஓரிடத்தில் நின்றாள். ‘பக்கக் கொக்கி’ என்பதற்கு முன்னால் ‘நாங்கள் சோதிக்காமல் மாட்டிய’ என்று சேர்த்தாள்.

“என்ன எழுதற?” என்றார் கணவர்.

“நடந்ததை எழுதறேன்.”

கட்டம் ‘சம்மதம்’ என்று மாறியது. சின்னவள் உடனே எல்லாவற்றிலும் வெளியிட்டு, பக்கங்களின் உச்சியில் நிற்கும்படி பொருத்தி வைத்தாள். குழந்தையின் அப்பாவுக்குத் தனியாக எழுதினாள்: உங்கள் கருத்தை அழிக்க நினைக்கவில்லை, தப்பான வீடியோவை எடுக்கும்போது அதுவும் போய்விட்டது, எச்சரிக்கை இப்போது மேலே இருக்கிறது. அவர் படித்தார். பதில் போடவில்லை.

வசவுகள் வந்தன. பணத்தைத் திருப்பிக் கொடு என்றார்கள். பிள்ளைகள் உயிரோடு விளையாடுகிறீர்களா என்று ஒருவர் எழுதியதற்குக் கீழே பலர் கூடிவிட்டார்கள். அக்காவின் கணவர் ஒவ்வொன்றையும் படித்துவிட்டு, “பார்த்தியா?” என்பதுபோல் சின்னவளைப் பார்த்தார். அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் கீழே முகவரி அனுப்புங்கள் என்று பதில் எழுதிக்கொண்டே இருந்தாள்.

அப்போது பட்டறைப் போன் அடித்தது. அவர்தான் எடுத்தார். சின்னவளுக்கு எதிர்முனைப் பேச்சு கேட்கவில்லை; அவர் முகம் மட்டும் தெரிந்தது. “ஆமாங்க” என்றார். “பிள்ளை எங்கங்க இருக்கு இப்ப?” என்று கேட்டார்.

போனை வைத்த பிறகு சொன்னார். ஒரு அம்மா. வாட்ஸ்அப்பில் பார்த்ததும் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் கொக்கியை இழுத்துப் பார்த்திருக்கிறார். கொக்கி கையோடு வந்துவிட்டதாம். அதற்கு முன்னால் குழந்தை தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுதான் விளையாடிக்கொண்டிருந்ததாம்.

அக்கா அப்போதுதான் அழுதாள். ஆஸ்பத்திரியில் அழவில்லை.

அக்காவின் கணவர் பழைய ரகக் கொக்கிகள் இருந்த டப்பாவைத் தேடி எடுத்தார். ட்ரில்லையும் திருப்புளியையும் பையில் போட்டுக்கொண்டார். வேன் சாவியை எடுத்தவர் வாசலில் நின்று, எல்லாருக்கும் செய்தி போய்விட்டதா என்று கேட்டார். இல்லை என்றாள் சின்னவள். கடை எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் வாட்ஸ்அப் மொத்தச் செய்தி போகும். மற்றவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட வேண்டும். அக்கா ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டாள்.

அவர் திரும்பி வந்து சின்னவள் பக்கத்தில் நின்றார். காலையிலிருந்து முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

“சரி, நான் இந்த வீட்டுக்குப் போறேன். அங்கேருந்து பக்கமா எந்த வீடு இருக்குன்னு பார்த்துச் சொல்லு. போகப் போகச் சொல்லிக்கிட்டே இரு.”

வேன் கிளம்பிப் போனது. சின்னவள் வரைபடத்தைத் திறந்து முகவரிகளைப் பார்க்கத் தொடங்கினாள். பக்கத்தில் அக்கா அடுத்த எண்ணை அழுத்திவிட்டு, மறுமுனையில் யாராவது எடுக்கக் காத்திருந்தாள்.